எக்ஸ்சேஞ்ச் வரத்தும் ஸ்டேபிள்காயின் புழக்கமும்: சார்ட் முடிவுக்கு முன் ஆன்-செயின் தரவைப் படிக்கும் முறை

இது பிட்காயினை நாள் கேண்டிலில் பார்த்து, சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி. ஐந்து நிமிட சார்ட்டில் வாங்கி விற்பவர்களுக்கு இதில் பயன் குறைவு. ஆன்-செயின் தரவு அந்த வேகத்தில் வருவதில்லை.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது தரவைப் புரிந்துகொள்வதில் இல்லை, பார்க்கும் வரிசையில்தான். “பத்தாயிரம் பிட்காயின் எக்ஸ்சேஞ்சுக்குப் போனது” என்ற அலர்ட்டை முதலில் படித்துவிட்டு அப்புறம் சார்ட்டைத் திறந்தால், எந்தச் சார்ட்டும் இறங்கப்போவது போலத்தான் தெரியும். அதனால் கீழே உள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்யுங்கள்.

## 1. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

மூன்று பக்கங்கள் போதும். ஒன்று சார்ட்: டிரேடிங்வியூ போன்ற ஏதாவது ஒன்று. இரண்டாவது, எக்ஸ்சேஞ்ச் வரத்துத் தரவு: கிரிப்டோகுவான்ட் அல்லது கிளாஸ்நோட். இரண்டையும் கலக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முகவரி எந்த எக்ஸ்சேஞ்சுடையது என்று இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகக் கணிக்கின்றன. ஒரே நாளுக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரும். மூன்றாவது, ஸ்டேபிள்காயின் புழக்கத்துக்கு `defillama.com/stablecoins`.

நேரத்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும். கிரிப்டோவின் நாள் கேண்டில் யுடிசி நள்ளிரவில் முடிகிறது. இந்திய, இலங்கை நேரப்படி அது காலை 5:30. ஆன்-செயின் நாள் கணக்கும் அதே நேரத்தில்தான் முடியும். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்துவிட்டு “இன்று வரத்து குறைவு” என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நாள் முடிய இன்னும் ஏழரை மணி நேரம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மேல் பார்த்து, முடிந்துபோன நாளின் எண்ணை மட்டும் எடுங்கள்.

## 2. சார்ட் திட்டத்தை முதலில் எழுதுங்கள்

வேறு எந்தப் பக்கத்தையும் திறப்பதற்கு முன் நான்கு வரி எழுத வேண்டும்: எந்த விலையைக் கவனிக்கிறேன், என்ன நடந்தால் வாங்குவேன், எந்த விலைக்குக் கீழே போனால் என் கணிப்பு தப்பு, இதில் எவ்வளவு பணத்தை இழக்கத் தயார்.

வாங்குவதா விற்பதா என்பதைச் சார்ட் மட்டுமே சொல்லும். ஆன்-செயின் தரவுக்கு அந்த அதிகாரம் இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: ஏற்கெனவே எழுதிய திட்டத்தை முழு அளவில் செய்யலாமா, பாதி அளவில் செய்யலாமா, இன்னும் ஒரு நாள் பொறுக்கலாமா என்று சொல்வது. திட்டம் எழுத்தில் இல்லாவிட்டால் இந்த எல்லை நிற்காது. எண்ணைப் பார்த்ததும் மனம் திட்டத்தையே மாற்றி எழுதிவிடும்.

## 3. வரத்தை அதன் சொந்த வழக்கத்தோடு ஒப்பிடுங்கள்

எக்ஸ்சேஞ்சுக்குக் காயின் வருவது கோயம்பேட்டுக்குத் தக்காளி லாரி வருவது மாதிரி. லோடு வந்திருக்கிறது என்பது தெரியும். எப்போது, என்ன விலைக்கு விற்பார்கள் என்பது தெரியாது. ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு லாரி நின்றால், விலை ஏறுவதற்கு அதிகப்படியாக வாங்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லலாம்.

எடுக்க வேண்டிய எண் `Exchange Inflow (Total)`. அதை டாலரில் பார்க்காமல் பிட்காயின் எண்ணிக்கையில் பாருங்கள். டாலரில் பார்த்தால் விலை ஏறும்போது வரத்தும் சும்மாவே ஏறியது போலத் தெரியும்.

அடுத்து, ஒரு நாள் எண்ணை நம்ப வேண்டாம். சனி, ஞாயிறுகளில் வரத்து இயல்பாகவே குறையும். திங்களன்று ஏறும். அதை ஞாயிறோடு ஒப்பிட்டு அலறுவது வாராவாரம் நடக்கிற கூத்து. 7 நாள் சராசரியை 90 நாள் சராசரியால் வகுத்துக்கொள்ளுங்கள். 1.5-க்கு மேல் போனால் நான் ‘அதிகம்’ என்று குறித்துக்கொள்கிறேன். இந்த 1.5 விதியல்ல, என் கைக்கு ஒத்துவந்த கோடு. நீங்கள் வேறு கோடு வைக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மாற்றக்கூடாது.

வரத்து அதிகமாக இருந்தால் அடுத்து `Exchange Netflow (Total)`, அதாவது வந்தது கழித்தல் போனது. வந்த அளவே வெளியேயும் போயிருந்தால், பெரும்பாலும் அது வியாபாரிகள் எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே காயினை நகர்த்தியதுதான். வரத்தும் நிகர வரத்தும் சேர்ந்து ஏறினால்தான் கவனிக்க வேண்டிய விஷயம்.

எந்த வகை எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது என்பதும் முக்கியம். ஸ்பாட் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது விற்பனைக்காக இருக்க வாய்ப்பு அதிகம். டெரிவேட்டிவ் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது மார்ஜின் பணயமாக இருக்கலாம். பணயம் கட்டுபவர் லாங் எடுக்கிறாரா, ஷார்ட் எடுக்கிறாரா என்று வரத்திலிருந்து தெரியாது. கிரிப்டோகுவான்டில் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. ஸ்பாட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

## 4. பெரிய எண் நிஜமானதா என்று சரிபாருங்கள்

அதிகம் ஏமாறுவது இந்தப் படியில்தான். பெரிய நகர்வுகளில் பல, விற்பனைக்குச் சம்பந்தமே இல்லாதவை.

முதல் வகை, எக்ஸ்சேஞ்ச் தன் சொந்த வாலட்களுக்குள் மாற்றுவது. 2022 நவம்பர் 28 அன்று பைனான்ஸ் சுமார் 1,27,000 பிட்காயினை ஒரே பரிவர்த்தனையில் நகர்த்தியது. இருப்புச் சான்றுக்கான தணிக்கையின் பகுதி அது என்று நிறுவனமே விளக்கியது. யாரும் எதையும் விற்கவில்லை, வெறும் அலர்ட்டைப் பார்த்தவர்கள்தான் பதறினார்கள்.

இரண்டாவது வகை, பழைய உரிமையாளர் புது வாலட்டுக்கு மாற்றுவது. 2024 மே 28 அன்று மவுண்ட் காக்ஸ் என்ற பழைய எக்ஸ்சேஞ்சின் திவால் சொத்திலிருந்து ஏறக்குறைய 1,40,000 பிட்காயின் நகர்ந்தது. போய்ச் சேர்ந்த இடம் எக்ஸ்சேஞ்ச் அல்ல, அதே அறங்காவலரின் இன்னொரு முகவரி. ஆக, ‘நகர்ந்தது’ என்பதும் ‘எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தது’ என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது வகை 2024 ஜனவரியில் அமெரிக்க ஸ்பாட் இடிஎஃப்கள் வந்த பிறகு அதிகமானது. பல இடிஎஃப்களின் காயின்களைக் காயின்பேஸ் நிறுவனத்தின் காப்பகப் பிரிவு வைத்திருக்கிறது. அங்கே போகும் காயினுக்கு ‘காயின்பேஸ்’ என்ற பெயர் ஒட்டியிருக்கும். காப்பகத்தில் போய்ப் படுப்பதும் ஆர்டர் புத்தகத்துக்கு வருவதும் தலைகீழ் விஷயங்கள், பெயர் மட்டும் ஒன்று.

சரிபார்க்கும் முறை இதுதான். பரிவர்த்தனை எண்ணை `mempool.space` பக்கத்தில் போட்டு, பெறும் முகவரியைப் பாருங்கள். அந்த முகவரி இதுவரை ஒரு பரிவர்த்தனையும் இல்லாத புதியது என்றால் அது வாலட் மாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். வாடிக்கையாளருக்கென எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் டெபாசிட் முகவரி என்றால், அதில் விழுந்த காயின் சீக்கிரத்தில் எக்ஸ்சேஞ்சின் பெரிய வாலட்டுக்குத் திரட்டப்படும். அந்த இரண்டாவது நகர்வு தெரிந்தால் ‘சேர்ந்தது’ என்று எழுதலாம். தெரியாவிட்டால் ஒரு நாள் காத்திருங்கள், நகர்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

## 5. ஸ்டேபிள்காயின் புழக்கத்தைக் காயின் வாரியாகப் பாருங்கள்

வரத்து சொல்வது விற்கும் பக்கத்தை. ஸ்டேபிள்காயின் சொல்வது வாங்கும் பக்கத்தை, அதுவும் மெதுவாகத்தான். யாரோ டாலரைக் கொடுத்துப் புது ஸ்டேபிள்காயின் வாங்கினால் புழக்கம் கூடும், டாலராகத் திருப்பினால் குறையும். அதனால் 30 நாள் மாற்றத்தைச் சதவீதத்தில் பாருங்கள். ஒரு நாள் மாற்றத்துக்கு அர்த்தமில்லை.

சார்ட்டின் அடியிலேயே ஒரு தோராயமான கோடு வேண்டுமென்றால், டிரேடிங்வியூவில் நாள் சார்ட்டில் இதைப் போடலாம்:

```
//@version=5
indicator("Stable 30D %")
a = request.security("CRYPTOCAP:USDT", "D", close)
b = request.security("CRYPTOCAP:USDC", "D", close)
s = a + b
plot((s / s[30] - 1) * 100)
```

இது காட்டுவது சந்தை மதிப்பு, காயின் எண்ணிக்கை அல்ல. சாதாரண நாட்களில் இரண்டும் ஒன்றுதான். ஒரு ஸ்டேபிள்காயின் ஒரு டாலரிலிருந்து நழுவும் நாளில் இந்தக் கோடு பொய் சொல்லும். அப்போது டிஃபைலாமாவில் புழக்கத்தில் உள்ள எண்ணிக்கையைப் பாருங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. `USDT.D` என்ற கோட்டை எடுத்துக்கொண்டு “ஸ்டேபிள்காயின் பெருகுகிறது” என்று படிப்பது ஒன்று. அது மொத்தக் கிரிப்டோ மதிப்பில் டெதரின் பங்கு. பிட்காயின் இறங்கினாலே அது ஏறும். அதாவது விலைச் சார்ட்டையே தலைகீழாகப் போட்டு இரண்டாவது சாட்சி என்று நினைத்துக்கொள்வது.

இன்னொன்று, “டெதர் கருவூலத்தில் 100 கோடி அச்சானது” என்ற அலர்ட்டை வாங்கும் பணம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது. டெதர் பல நேரம் காயினை முன்கூட்டியே உருவாக்கித் தன் கருவூலத்திலேயே வைத்திருக்கும். வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய பிறகுதான் அது புழக்கத்துக்கு வரும். சில நேரம் ஒரு செயினில் அச்சடித்து இன்னொரு செயினில் அழிப்பதும் உண்டு, மொத்தம் மாறாது. டெதரின் வெளிப்படைத்தன்மைப் பக்கத்தில் இவை தனித்தனியாக இருக்கும்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மார்ச் நல்ல பாடம். அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 13 அன்று, பியுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயினைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்தும்படி பாக்ஸோஸ் நிறுவனத்துக்கு நியூயார்க் நிதித்துறை உத்தரவிட்டது. மார்ச் 10 அன்று சிலிகான் வேலி வங்கி மூடப்பட்டது. யுஎஸ்டிசியின் இருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டியிருந்தது. மறுநாள் யுஎஸ்டிசி 88 சென்ட் அளவுக்கு இறங்கியது. அந்த வார இறுதியிலேயே டெபாசிட்கள் முழுதாகக் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்ததும் விலை ஒரு டாலருக்குத் திரும்பியது. ஆனால் புழக்கம் திரும்பவில்லை. மாத முடிவுக்குள் சுமார் 4,300 கோடியிலிருந்து 3,300 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது.

அதே மாதத்தில் பிட்காயின் 20,000 டாலருக்குக் கீழிருந்து 28,000 வரை ஏறியது. ‘ஸ்டேபிள்காயின் குறைகிறது, அதனால் வாங்கக்கூடாது’ என்று விதி வைத்திருந்தவர் அந்த ஏற்றம் முழுவதையும் கரையில் நின்று பார்த்திருப்பார். காயின் வாரியாகப் பிரித்தால் கதை வேறு: பியுஎஸ்டியும் யுஎஸ்டிசியும் தங்கள் சொந்தப் பிரச்சினையால் சுருங்கின, டெதர் வளர்ந்துகொண்டிருந்தது. பணத்தில் ஒரு பகுதி இடம் மாறியது, அவ்வளவுதான்.

எனவே புழக்கம் குறையும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: எல்லாக் காயினும் குறைகிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால், அதற்கான காரணம் செய்தியிலேயே இருக்கும். அந்தக் காயினை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

## 6. இரண்டையும் திட்டத்தோடு சேருங்கள்

இப்போது படி 2-இல் எழுதியதை எடுங்கள். வரத்து வழக்கம் போல, ஸ்டேபிள்காயின் நிலையாகவோ வளர்ந்தோ இருந்தால், திட்டம் எழுதியபடியே. வரத்து அதிகம், ஆனால் சார்ட் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்றால் பாதி அளவு. வரத்து அதிகம், முக்கிய ஸ்டேபிள்காயின்கள் எல்லாமே சுருங்குகின்றன என்றால், இன்னும் ஒரு நாள் கேண்டில் முடியட்டும் என்று பொறுப்பது. ஸ்டாப் லாஸை மட்டும் ஆன்-செயின் காரணம் காட்டி ஒருபோதும் கீழே தள்ளக்கூடாது.

வரத்தின் எண்ணைவிட அதற்கு விலை எப்படிப் பதில் சொல்கிறது என்பது அதிகம் சொல்லும். மிகப் பெரிய வரத்து வந்த நாளில் விலை புதுக் கீழ்மட்டத்தைத் தொட்டால், வாங்குபவர்கள் போதவில்லை. அதே வரத்துக்கு விலை பழைய கீழ்மட்டத்துக்கு மேலேயே நின்றால், யாரோ அதை உறிஞ்சிக்கொள்கிறார்கள். அடுத்த உதாரணம் இதைப் பற்றியதுதான்.

## 7. ஒரு நிகழ்வை முழுதாகப் பார்ப்போம்: 2024 ஜூலை

ஜெர்மனியின் சாக்சனி மாநில அதிகாரிகள், ஒரு திருட்டுத் திரைப்படத் தளம் தொடர்பான வழக்கில் கைப்பற்றிய 49,858 பிட்காயினை 2024 ஜூன் 19 முதல் ஜூலை 12 வரை விற்றார்கள். அந்த வாலட்டின் முகவரிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. காயின்பேஸ், கிராக்கன், பிட்ஸ்டாம்ப் எனப் பல இடங்களுக்குப் போனது அப்போதே தெரிந்தது. வழக்கமாக நமக்குக் கிடைக்காத வசதி இது: விற்பவர் யார், கையில் மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் பார்க்க முடிந்தது.

சார்ட். மார்ச் முதல் விலை ஒரு பெட்டிக்குள் இருந்தது. அடித்தளம் மே 1-இன் கீழ்மட்டம், சுமார் 56,500 டாலர். 200 நாள் சராசரி 58,500-ஐ ஒட்டி இருந்தது. ஜூலை 4 அன்று விலை அந்தச் சராசரிக்குக் கீழே முடிந்தது. ஜூலை 5 அன்று 53,500 வரை போய் மீண்டது. அன்றுதான் மவுண்ட் காக்ஸ் பணம் திருப்புவதும் தொடங்கியது. சுமார் 47,000 பிட்காயின் அங்கிருந்து நகர்ந்தது. அதில் பெரும்பகுதி புது வாலட்டுக்குத்தான் போனது என்பதால், படி 4-இன்படி அதை விற்பனையாகக் கணக்கில் எடுக்க முடியாது.

எழுதக்கூடிய திட்டம்: 200 நாள் சராசரிக்கு மேல் நாள் கேண்டில் மறுபடி முடிந்தால் வாங்குவது, 53,400-இல் ஸ்டாப். இடையில் கோட்டுக்கு மேலும் கீழும் ஆடுவதில் கை வைப்பதில்லை.

வரத்து. ஜூலை 8, திங்கள். ஜெர்மன் வாலட்டிலிருந்து ஒரே நாளில் 16,000-க்கும் அதிகமான பிட்காயின் வெளியேறியது. அந்த விற்பனைக் காலத்தின் மிகப் பெரிய நாள் அது. ஒரு பகுதி பின்னர் வாலட்டுக்கே திரும்பியது. அலர்ட்டை மட்டும் பார்த்தவருக்கு அது விற்க வேண்டிய நாள். விலையோ 54,300-ஐ ஒட்டி இறங்கி, அதற்குக் கீழே போகாமல், 56,700 அருகே முடிந்தது. மூன்று நாள் முன்பு தொட்ட 53,500 உடையவே இல்லை.

ஸ்டேபிள்காயின். டெதர் 11,200 கோடி டாலரைத் தாண்டிய அளவில் ஏறக்குறைய அசையாமல் இருந்தது. புதுப் பணம் கொட்டவும் இல்லை, ஓடவும் இல்லை. நம் கணக்கில் இது ‘நிலையாக’.

முடிவு. ஜூலை 12 அன்று வாலட் காலியானது. 13-ஆம் தேதி கேண்டில் 59,200-ஐ ஒட்டி, 200 நாள் சராசரிக்கு மேல் முடிந்தது. நிபந்தனை நிறைவேறியது. விற்பவர் கையில் ஒன்றும் மிச்சமில்லை என்பதால் அந்தப் பாரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் 7 நாள் சராசரியில் பழைய வரத்து இன்னும் கலந்திருக்கும், மவுண்ட் காக்ஸ் பாரமும் பாக்கி. எனவே பாதி அளவு.

எண்ணில் போட்டால்: நுழைவு 59,200, ஸ்டாப் 53,400, இடைவெளி 5,800, அதாவது சுமார் 9.8%. ஒரு லட்சம் ரூபாய் கணக்கில் 1% மட்டுமே இழக்கத் தயார் என்றால், 1,000 ரூபாயை 9.8%-ஆல் வகுத்தால் சுமார் 10,200 ரூபாய்க்கு வாங்கலாம். பாதி என்றால் 5,100. ஆன்-செயின் தரவு மாற்றியது இந்த ஒரு எண்ணைத்தான்.

ஜூலை 29 அன்று விலை 70,000-ஐத் தொட்டது. ஆகஸ்ட் 5 அன்று 50,000-க்கும் கீழே விழுந்தது. அந்தச் சரிவு ஜப்பானிய யென் கடன் வாங்கிப் போட்ட முதலீடுகள் உலகம் முழுக்கக் கலைந்ததோடு சேர்ந்து வந்தது. வரத்தைப் பார்த்து அதை முன்கூட்டியே சொல்ல வழி இல்லை. பெட்டியின் மேல்பகுதியில் லாபம் எடுப்பது, ஸ்டாப்பை நுழைவு விலைக்கு உயர்த்துவது போன்ற சார்ட் ஒழுங்குதான் அந்த வாரத்தில் காப்பாற்றியிருக்கும்.

## 8. இது எங்கே வேலை செய்யாது

வெளியேற்றம் எப்போதும் நல்ல செய்தி அல்ல. எக்ஸ்சேஞ்சிலிருந்து காயின் வெளியே போனால் ‘நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறார்கள்’ என்று படிப்பது வழக்கம். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்தபோது மக்கள் பயந்துபோய் எல்லா எக்ஸ்சேஞ்சுகளிலிருந்தும் காயினை எடுத்தார்கள். வெளியேற்றம் பெரிதாக இருந்தது, விலை 16,000-க்கும் கீழே போனது. எக்ஸ்சேஞ்சின் மீதே சந்தேகம் எழும் வாரங்களில் நிகர வரத்தை ஓரம் வைத்துவிடுங்கள்.

செயினில் தெரியாத விற்பனை. இடிஎஃப் யூனிட்டை ஒருவர் பங்குச்சந்தையில் விற்பதும், டெரிவேட்டிவில் லாங்குகள் வரிசையாக லிக்விடேட் ஆவதும் எக்ஸ்சேஞ்ச் வரத்தில் அந்த நேரத்தில் தெரியாது. வரத்து அமைதியாக இருக்கும்போதே விலை விழுந்தால், டெரிவேட்டிவில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் அதே நேரத்தில் சரிந்ததா என்று பாருங்கள். சரிந்திருந்தால் அது லிவரேஜ் கலைந்தது, காயின் வந்து விற்றது அல்ல.

பழைய எண்கள் மாறும். ஒரு முகவரி எக்ஸ்சேஞ்சுடையது என்று இன்று கண்டுபிடித்தால், தரவு நிறுவனம் பழைய நாட்களின் எண்ணையும் திருத்திவிடும். இன்றைய தரவை வைத்து, ‘போன வருடம் இந்த விதி அருமையாக வேலை செய்திருக்கும்’ என்று சோதிப்பது, அன்று யாருக்கும் தெரியாத எண்ணை வைத்துச் சோதிப்பதுதான். கிளாஸ்நோட்டில் அன்று தெரிந்தபடியே உறையவைத்த தரவு தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள், பார்த்த எண்ணைப் பார்த்த தேதியோடு நோட்டில் எழுதி வைப்பது ஒன்றே வழி. மூன்று மாதம் சேர்ந்தால், உங்கள் 1.5 கோடு சரியா என்று பார்க்க அதுவே போதும்.

சின்ன காயின்களுக்கு இதை நீட்ட வேண்டாம். பலவற்றில் மொத்த இருப்பில் பெரும்பகுதி சில வாலட்களில்தான் கிடக்கும். மார்க்கெட் மேக்கர் ஒருவர் சரக்கை மாற்றினாலே விகிதம் நான்கைந்து மடங்கு எகிறும். பிட்காயினிலும் ஈதரிலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈதரிலும் ஸ்டேக்கிங் ஒப்பந்தங்களுக்குப் போவதையும் வருவதையும் பிரித்த பிறகே 7/90 கணக்கைப் போடுங்கள்.